டி.ஆர்-2 சூடாக இருக்கிறது: இரவு ஷிப்டுக்கு ஒரு குறிப்பு

"டி.ஆர்-2 டெம்பரேச்சர் அதிகம். அலாரம் நிற்கிறது. கவனிக்கவும்."

துணைமின் நிலையத்தில் மாலை ஷிப்ட் முடித்துக் கிளம்பும் பொறியாளர் லாக் புத்தகத்தில் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதில் பொய் என்று ஒன்றுமில்லை. டிரான்ஸ்பார்மர் சூடாகத்தான் இருக்கிறது, அலாரமும் நிற்கிறது. ஆனாலும் இரவு 10 மணிக்கு வந்து உட்காரும் அடுத்த பொறியாளருக்கு இந்த வரிகளால் ஒரு பயனும் இல்லை. அலாரம் நிற்பதை அவரே பேனலைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். சூடு ஏறிக்கொண்டிருக்கிறதா, இறங்கிக்கொண்டிருக்கிறதா? எதனால் ஏறியது? என்னென்ன பார்த்தாயிற்று? எந்த எண்ணைத் தொட்டால் போனை எடுக்க வேண்டும்? பேனலில் தெரியாத இந்த விஷயங்கள் போகிறவரின் தலைக்குள் மட்டுமே இருக்கின்றன. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது அவையும் சேர்ந்து போய்விடுகின்றன.

நல்ல குறிப்பு எப்படி இருக்கும் என்பதை ஒரு எடுத்துக்காட்டின் வழியாகப் பார்க்கலாம். விளக்கத்துக்காக அமைத்த நிலையம் இது. எண்கள், இந்த அளவு நிலையங்களில் சாதாரணமாகப் பார்க்கக்கூடியவை. 230 கிலோவோல்டில் வரும் மின்சாரத்தை 110 கிலோவோல்டாக இறக்கிப் பல ஊர்களுக்கு அனுப்பும் நிலையம். அதில் ஒரே அளவிலான இரண்டு டிரான்ஸ்பார்மர்கள், டி.ஆர்-1, டி.ஆர்-2. ஒவ்வொன்றும் 100 எம்.வி.ஏ. திறன் கொண்டது. 110 கிலோவோல்ட் பக்கம் ஒவ்வொன்றும் அதிகபட்சமாக 525 ஆம்பியர் வரை தாங்கும். இரண்டும் இணையாக ஓடி லோடைச் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. ஏப்ரல் மாதத்து இரவு. வெளியே 33 டிகிரி. வீடுகளில் ஏ.சி.க்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கும் நேரம்.

டிரான்ஸ்பார்மர் ஏன் சூடாகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால் மற்றது எளிதாகப் புரியும். உள்ளே செம்புக் கம்பிச் சுற்றுகள் இருக்கின்றன. வைண்டிங் என்பது இவற்றைத்தான். மின்னோட்டம் இவற்றின் வழியாகப் போகும்போது வெப்பம் உண்டாகிறது. அந்த வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 400 ஆம்பியர் 430 ஆனால் மின்னோட்டம் ஏறியது ஏழரை சதவீதம்தான். வைண்டிங்கில் பிறக்கும் வெப்பமோ ஏறக்குறைய 15 சதவீதம் ஏறிவிடும். சுற்றுகளுக்கு மேலே காகிதம் சுற்றியிருக்கிறது. சுற்றுக்குச் சுற்று மின்சாரம் தாவாமல் காப்பது அந்தக் காகிதம்தான். இவை எல்லாமும் எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. சூடான எண்ணெய் மேலே ஏறி, பக்கவாட்டில் தகடு தகடாக நிற்கும் ரேடியேட்டருக்குள் போய், ஆறி, கீழே இறங்கித் தொட்டிக்குத் திரும்புகிறது. ரேடியேட்டர் மீது காற்றடிக்க மின்விசிறிகள் உண்டு. விசிறிகள் ஓடாவிட்டால் இந்த 100 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மரால் தொடர்ந்து தாங்கக்கூடியது ஏறக்குறைய 60 எம்.வி.ஏ. மட்டுமே. டிரான்ஸ்பார்மரின் பெயர்ப்பலகையிலேயே விசிறி இல்லாத திறன் ஒன்று, விசிறியோடு ஒன்று என்று இரண்டு எண்கள் பொறித்திருப்பார்கள்.

சூட்டைக் காட்ட இரண்டு முள் மீட்டர்கள் இருக்கின்றன. ஒன்று தொட்டியின் மேல்மட்டத்து எண்ணெயின் வெப்பம். இன்னொன்று வைண்டிங்கின் வெப்பம். இரண்டாவது மீட்டரைப் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி உண்டு. உயர் மின்னழுத்தம் ஓடும் வைண்டிங்குக்குள் சாதாரண வெப்பமானியை நுழைக்க முடியாது. அதனால் அந்த மீட்டர் எண்ணெயின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு, லோடுக்கு ஏற்றபடி ஒரு சின்ன ஹீட்டரால் தன்னையே கொஞ்சம் கூடுதலாகச் சூடாக்கிக்கொள்கிறது. லோடு எவ்வளவோ, அந்த அளவு கூடுதல். ஆக அது காட்டுவது ஒரு மதிப்பீடு. எண்ணெய், அதோடு லோடினால் வரும் கூடுதல்: இந்த இரண்டும் சேர்ந்த தொகை. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய இரவின் புதிர் இந்தக் கூட்டலில்தான் அவிழப்போகிறது.

நம் நிலையத்தில் வைண்டிங் 95 டிகிரியைத் தொட்டால் அலாரம், 105ஐத் தொட்டால் டிரிப். எண்ணெய்க்கு 85இல் அலாரம், 95இல் டிரிப். இந்த எண்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர், நிலையத்துக்கு நிலையம் மாறும்.

இப்போது அந்த மாலைப் பொறியாளர் எழுத வேண்டிய குறிப்பைப் பார்ப்போம்:

"நேரம் 21:50. டி.ஆர்-2 வைண்டிங் டெம்பரேச்சர் அலாரம் 21:10க்கு வந்தது. அக்செப்ட் செய்தேன். இன்னும் நிற்கிறது. 18:00 மணிக்கு இரண்டு டி.ஆரும் எண்ணெய் 68, வைண்டிங் 82. லோடு ஒவ்வொன்றிலும் 400 ஆம்பியர். 20:00 மணிக்கு டி.ஆர்-2 எண்ணெய் 76, வைண்டிங் 91, டி.ஆர்-1 எண்ணெய் 69, வைண்டிங் 84, லோடு 420. 21:10க்கு டி.ஆர்-2 80, 95, டி.ஆர்-1 70, 85, லோடு 430. இப்போது டி.ஆர்-2 82, 97, டி.ஆர்-1 70, 85, லோடு 430. யார்டுக்குப் போய் டி.ஆர்-2 மீட்டரை நேரில் பார்த்தேன். கன்ட்ரோல் ரூம் மீட்டரோடு ஒத்துப்போகிறது. விசிறிகளில் முதல் குரூப் ஓடுகிறது. இரண்டாவது குரூப் நான்கும் நிற்கின்றன. அந்த குரூப்பின் பிரேக்கர் விழுந்திருந்தது. ஒரு முறை போட்டேன், உடனே விழுந்தது. மறுபடி போடவில்லை, யாரும் போட வேண்டாம். விசிறி நின்றதற்குப் பேனலில் தனி அலாரம் வந்திருக்க வேண்டும், வரவில்லை; காரணம் தெரியவில்லை. எண்ணெய் மட்டம் சரி. புக்கோல்ஸ் ரிலேயில் வாயு இல்லை. ரேடியேட்டர் வால்வுகள் எல்லாம் திறந்துள்ளன. பராமரிப்புப் பிரிவுக்கு 21:35க்குச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் காலை 7 மணிக்குத்தான் வர முடியும். லோடு டெஸ்பாட்ச் சென்டருக்கு 21:40க்குத் தகவல் சொல்லியிருக்கிறேன். லோடு குறைக்க இன்னும் கேட்கவில்லை. எந்த செட்டிங்கையும் மாற்றவில்லை, எந்த டிரிப்பையும் துண்டிக்கவில்லை. 15 நிமிடத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கவும். வைண்டிங் 99 ஆனாலோ, லோடு 440ஐத் தாண்டினாலோ உடனே லோடு குறைக்கக் கேட்கவும்."

நீளம் என்று தோன்றலாம். ஆனால் படிக்க இரண்டு நிமிடம் போதும். இதில் ஒவ்வொரு வரியும் இரவு வருபவர் கேட்கக்கூடிய ஒரு கேள்விக்குப் பதிலாக இருக்கிறது.

முதலில் எண்களை எடுத்துக்கொள்வோம். இரண்டு டிரான்ஸ்பார்மர்களும் ஒரே லோடைத் தாங்குகின்றன, ஒரே காற்றில் நிற்கின்றன. 6 மணிக்கு இரண்டும் ஒரே சூட்டில் இருந்தன. அதன்பின் ஒன்று மட்டும் விலகிப் போகிறது. வெயிலோ லோடோ காரணமாக இருந்தால் இரண்டும் சேர்ந்து ஏறியிருக்கும். ஆக, கோளாறு டி.ஆர்-2இல்தான். பக்கத்து டிரான்ஸ்பார்மரின் எண்ணையும் எழுதிவைத்ததால்தான் இந்த முடிவுக்கு வர முடிந்தது. "டி.ஆர்-2 97 டிகிரி" என்று மட்டும் எழுதியிருந்தால், கோடைதானே என்று யாரும் கடந்துபோயிருப்பார்கள்.

அடுத்து, வைண்டிங்குக்கும் எண்ணெய்க்கும் உள்ள இடைவெளி. டி.ஆர்-1இல் 85க்கும் 70க்கும் நடுவே 15 டிகிரி. டி.ஆர்-2இல் 97க்கும் 82க்கும் நடுவே அதே 15 டிகிரி. இந்த இடைவெளியைத் தீர்மானிப்பது லோடு என்று முன்பே பார்த்தோம். இரண்டிலும் லோடு ஒன்று, இடைவெளியும் ஒன்று. அப்படியானால் வைண்டிங் மீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது, வைண்டிங்கில் பிறக்கும் வெப்பமும் வழக்கமான அளவுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். மாறியிருப்பது எண்ணெய் மட்டுமே. வெப்பம் வழக்கம்போலப் பிறக்கிறது, ஆனால் வெளியேற முடியவில்லை. சந்தேகம் நேராகக் குளிர்விக்கும் ஏற்பாட்டின் மீது விழுகிறது. யார்டுக்குப் போய்ப் பார்த்தால் நான்கு விசிறிகள் நிற்கின்றன.

எண்ணெய் ஏறாமல் வைண்டிங் முள் மட்டும் ஏறியிருந்தால் கதை வேறு. மீட்டரின் ஹீட்டரிலோ அதற்கு மின்னோட்டம் தரும் கருவியிலோ பழுது இருக்கலாம். ஒரு ரேடியேட்டர் மட்டும் தொட்டால் குளிர்ந்திருந்தால், அதன் வால்வு மூடிக் கிடக்கலாம். எண்ணெய் மட்டம் ரேடியேட்டரின் மேல்குழாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் எண்ணெய்ச் சுற்றோட்டமே நின்றுபோகும். எல்லாவற்றையும்விட மோசமானது, டிரான்ஸ்பார்மருக்குள்ளேயே ஏதாவது இணைப்பு தளர்ந்தோ காப்புக் காகிதம் கருகியோ சூடாவது. அப்போது எண்ணெய் சிதைந்து வாயு பிறக்கும். தொட்டிக்கும் மேலே உள்ள எண்ணெய்க் கலத்துக்கும் நடுவே குழாயில் பொருத்திய புக்கோல்ஸ் ரிலேயில் அந்த வாயு சேரும். மாக்ஸ் புக்கோல்ஸ் என்ற ஜெர்மானியர் 1921இல் கண்டுபிடித்த அந்த எளிய கருவிக்கு ஒரு நூற்றாண்டு ஆனபிறகும் மாற்று வரவில்லை. குறிப்பில் "வாயு இல்லை" என்று எழுதியது அதனால்தான். பெரிய பயம் ஒன்று இல்லை என்பதும் ஒரு தகவல். ஆனால் அது முழு உறுதி ஆகாது. மெதுவாக வளரும் கோளாறில் வாயு முதலில் எண்ணெயில் கரைந்தே இருக்கும், ரிலேக்கு வந்து சேர நாளாகும். அதைக் கண்டுபிடிக்க எண்ணெய் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

97 டிகிரி அவ்வளவு ஆபத்தா? உண்மையில் இல்லை. சாதாரணக் காப்புக் காகிதத்துக்கு, அதன் மிகச் சூடான இடத்தில் 98 டிகிரி என்பது இயல்பான வேகத்தில் முதுமை அடையும் அளவு என்று சர்வதேசத் தரநிர்ணயம் சொல்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் முதுமையின் வேகம் இரட்டிப்பாகும். 104 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓடினால் காகிதத்துக்கு இரண்டு மணி நேர வயது கூடும், 110இல் நான்கு மணி நேரம். ஒரு இரவில் சில மணி நேரம் இப்படிப் போனால் டிரான்ஸ்பார்மர் அழிந்துவிடாது. அந்த இரவில் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு.

டி.ஆர்-2 105 டிகிரியைத் தொட்டால் தானாக டிரிப் ஆகும். அந்த நொடியில் அதன் 430 ஆம்பியரும் டி.ஆர்-1 மீது போய் விழும். ஏற்கெனவே 430 தாங்கும் டி.ஆர்-1 இப்போது 860 தாங்க வேண்டும். அதன் திறனோ 525. ஒன்றரை மடங்குக்கும் மேல். லோடைத் தானாக வெட்டிவிடும் ஏற்பாடு அங்கே இல்லையென்றால், கொஞ்ச நேரத்தில் டி.ஆர்-1உம் விழுந்து, அந்த நிலையத்தை நம்பியிருக்கும் ஊர்கள் அத்தனையும் இருளில் மூழ்கும். காப்புக் காகிதத்தின் வயதைவிட, மருத்துவமனையும் குடிநீர் மோட்டாரும் ஒரே நேரத்தில் நிற்பதுதான் உடனடி ஆபத்து.

அந்த 105 வருமா என்பதையும் இந்த எண்களைக் கொண்டே ஓரளவு கணிக்கலாம். டிரான்ஸ்பார்மர் எண்ணெய் மிக மெதுவாகச் சூடாகி மிக மெதுவாக ஆறும். இட்லிக் கொப்பரையின் தண்ணீரைப் போல, அடுப்பை ஏற்றினாலும் இறக்கினாலும் அது தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும். பெரிய டிரான்ஸ்பார்மர்களில் மொத்த மாற்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு நடக்கவே இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம் ஆகும். விசிறிகள் மாலை ஆறரை வாக்கில் நின்றிருந்தால், இரவு 9:50க்குள் மூன்றில் இரண்டு பங்கு உயர்வு நடந்திருக்கும். 68இலிருந்து 82 வரை, 14 டிகிரி. மிச்சம் இன்னும் 6 அல்லது 7 டிகிரி. எண்ணெய் 88இல் வந்து நிற்கும், அதோடு 15ஐக் கூட்டினால் வைண்டிங் 103. டிரிப்புக்கு இரண்டே டிகிரி இடைவெளி. அதுவும் லோடு இப்படியே இருந்தால். ஏப்ரல் மாத இரவில் 10 மணிக்கு மேல் லோடு ஏறத்தான் செய்யும். இரவுப் பொறியாளருக்கு ஏறக்குறைய இரண்டு, மூன்று மணி நேர அவகாசம் இருக்கிறது. அதற்கு மேல் இல்லை.

இந்தக் கணக்கைப் போட, நேரத்தோடு எழுதிய நான்கு ரீடிங்குகள் வேண்டும். ஒரே ஒரு ரீடிங்கை வைத்துக்கொண்டு யாராலும் போட முடியாது. குறிப்பில் எதைச் சுருக்கினாலும் நேரமும் எண்ணும் சேர்ந்த இந்த வரிசையைச் சுருக்கக் கூடாது.

அலாரம் விளக்கு இந்த வேலையை ஏன் செய்யாது என்று கேட்கலாம். கன்ட்ரோல் ரூம் பேனலில் ஒவ்வொரு அலாரத்துக்கும் ஒரு சிறிய சதுரக் கட்டம் உண்டு, விண்டோ என்பார்கள். அலாரம் வந்தால் விளக்கு மினுக்கும், மணி அடிக்கும். பொறியாளர் அக்செப்ட் பொத்தானை அழுத்தியதும் மணி நின்று, விளக்கு மினுக்காமல் நிலையாக எரியும். அதற்குப் பிறகு அந்த விளக்கு வாய் திறக்காது. 95இல் எரிந்த அதே வெளிச்சம்தான் 96க்கும், 104க்கும். அடுத்து அது பேசுவது 105இல், டிரிப் ஆன பிறகு. சில பழைய பேனல்களில் நிலைமை இன்னும் சிக்கலானது. எண்ணெய்ச் சூடு, வைண்டிங் சூடு, விசிறிக் கோளாறு எல்லாவற்றையும் ஒரே விண்டோவில் சேர்த்து வைத்திருப்பார்கள். ஒன்று ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால், இரண்டாவது வரும்போது மணி அடிக்காமலே போகலாம். நின்றுகொண்டிருக்கும் அலாரம் அறையில் இருப்பவர்களின் கண்ணுக்குப் பழகிப்போகும். புதிதாக ஷிப்டுக்கு வருபவர் அந்த விளக்கு மினுக்கியதையே பார்த்ததில்லை. அவர் வரும்போதே அது அமைதியாக எரிந்துகொண்டிருக்கும்.

இது எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் நடந்த விபத்து சாட்சி. அது மின்நிலையம் அல்ல, பி.பி. நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. இரவு ஷிப்டில் இருந்தவர்கள் ஒரு உயரமான கோபுரத்துக்குள் திரவத்தை நிரப்பத் தொடங்கினார்கள். மட்டம் அதிகம் என்ற அலாரம் அடித்தது. அக்செப்ட் செய்தார்கள், அது நின்றது நின்றபடியே இருந்தது. அதற்கும் மேலே இருந்த இரண்டாவது அலாரம் பழுதாகி, அடிக்கவே இல்லை. காலை ஷிப்டுக்கு லாக் புத்தகத்தில் விட்டுப்போனது ஒரே ஒரு வரி. யூனிட்டுக்குள் கொஞ்சம் திரவம் கொண்டுவந்திருக்கிறோம் என்ற அளவில்தான் அந்த வரி இருந்தது. எவ்வளவு நிரப்பினார்கள், எதை நிரப்பவில்லை, எந்த வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்பது அதில் இல்லை. காலை ஷிப்ட் மேலும் மூன்று மணி நேரம் திரவத்தை ஏற்றிக்கொண்டே போனது. கோபுரம் நிரம்பி வழிந்து, ஆவி தீப்பிடித்து வெடித்ததில் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். விபத்துக்குக் காரணங்கள் பல. அமெரிக்க அரசின் விசாரணை அறிக்கை நிர்வாகத்தின் செலவுக் குறைப்பையும் பராமரிப்புக் குறைகளையும் விரிவாகப் பட்டியலிடுகிறது. ஆனால் அந்த ஒற்றை வரிக் குறிப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

நம் நிலையத்துக்குத் திரும்புவோம். இரவுப் பொறியாளர் 9:45க்கே வந்துவிட்டார். குறிப்பைப் படித்ததும் கையெழுத்துப் போடவில்லை. "சார், விசிறி எந்தப் பக்கம் நிற்குது, ஒரு தடவை காட்டிடுங்க" என்று கேட்டு, மாலைப் பொறியாளரோடு டார்ச்சை எடுத்துக்கொண்டு யார்டுக்கு நடந்தார். பெரிய நிலையங்களில் இந்தக் கால் மணி நேர நடை வழக்கமாக இருக்க வேண்டும். எழுத்தில் வராத பல விஷயங்கள் அங்கேதான் கைமாறும். விசிறி மோட்டாரில் ஒன்று கருகிய வாடை அடிக்கிறது என்று மாலைப் பொறியாளர் சொன்னார். அதை எழுத மறந்திருந்தார். இரவுப் பொறியாளர் உடனே அந்த வரியையும் குறிப்பில் சேர்க்கச் சொன்னார். பிறகு இருவரும் கையெழுத்திட்டார்கள்.

குறிப்பில் ஒரு வரி அவரை ஒரு தவறிலிருந்து காப்பாற்றியது. "ஒரு முறை போட்டேன், உடனே விழுந்தது. யாரும் போட வேண்டாம்." இந்த வரி இல்லாவிட்டால் புதிதாக வருபவர் செய்யும் முதல் வேலை, விழுந்த பிரேக்கரை மறுபடி போட்டுப் பார்ப்பதுதான். அது விழும். மறுபடி போடுவார். ஷார்ட் ஆன மோட்டாருக்கு மின்சாரத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் கேபிள் எரியும், ஓடிக்கொண்டிருக்கும் முதல் குரூப் விசிறிகளின் சப்ளையும் சேர்ந்து போகலாம். செய்து தோற்ற வேலையை எழுதிவைப்பது, செய்து முடித்த வேலையை எழுதுவதைவிட அவசியமானது.

அதேபோல "எந்த டிரிப்பையும் துண்டிக்கவில்லை" என்ற வரி. சூடு ஏறும்போது, நிலையம் விழுந்துவிடக் கூடாது என்ற பதற்றத்தில் 105 என்ற செட்டிங்கைக் கூட்டிவைப்பதும், டிரிப் வயரைக் கழற்றிவிடுவதும் சில இடங்களில் நடப்பதுண்டு. அப்படிச் செய்துவிட்டு எழுதாமல் போனால், அடுத்தவர் இல்லாத பாதுகாப்பை நம்பி உட்கார்ந்திருப்பார். செய்யவே கூடாது, அதிகாரியின் அனுமதியோடு செய்ய நேர்ந்தால் குறிப்பின் முதல் வரியாக அது இருக்க வேண்டும்.

10:15க்கு லோடு 436. வைண்டிங் 98. இரவுப் பொறியாளர் 99 வரை காத்திருக்கவில்லை. லோடு டெஸ்பாட்ச் சென்டரை அழைத்து, இரண்டு 110 கிலோவோல்ட் ஃபீடர்களைப் பக்கத்து நிலையத்துக்கு மாற்றித் தரச் சொன்னார். மாலையே தகவல் போயிருந்ததால் அங்கே யாரும் முதலிலிருந்து விளக்கம் கேட்கவில்லை. 10:40க்குள் ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரிலும் லோடு 370க்கு இறங்கியது.

அடுத்து நடந்தது பார்ப்பவரை ஏமாற்றக்கூடியது. லோடு இறங்கியதும் வைண்டிங்குக்கும் எண்ணெய்க்கும் உள்ள இடைவெளி கால் மணி நேரத்தில் 15இலிருந்து 12 ஆகிவிட்டது. எண்ணெய் இன்னும் 82 டிகிரியில்தான், வைண்டிங் மட்டும் 94. அது 95க்குக் கீழே. ரீசெட் பொத்தானை அழுத்தியதும் விளக்கு அணைந்தது. பேனல் சுத்தமாகிவிட்டது. அதன் பிறகு எண்ணெய் மெல்ல இறங்கி, காலை 5 மணிக்கு எண்ணெய் 77, வைண்டிங் 89. அலாரம் எதுவும் இல்லை.

ஆனால் நான்கு விசிறிகளும் நின்றபடியேதான் இருந்தன. பிரேக்கரும் விழுந்தபடியேதான் இருந்தது. விசிறிக் கோளாறைச் சொல்ல வேண்டிய அலாரம் ஏன் வரவில்லை என்பதும் யாருக்கும் தெரியாது. இறங்கியது லோடு மட்டும். காலை 6 மணிக்கு வருபவர் பேனலைப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். இரவில் மாற்றிய இரண்டு ஃபீடர்களையும் அவர் 8 மணிக்குத் திரும்ப வாங்கிக்கொண்டால், மதியம் 40 டிகிரி வெயிலில் அதே கதை இன்னும் வேகமாக நடக்கும். மாலைக் குறிப்பைவிடக் காலைக் குறிப்புக்குத்தான் அதிகக் கவனம் தேவைப்பட்டது. அலாரம் இருக்கும்போது குறிப்பு சுமாராக இருந்தாலும் விளக்கு ஓரளவு கைகொடுக்கும். விளக்கு அணைந்து கோளாறு மிஞ்சியிருக்கும்போது, அந்தக் கோளாறு இருப்பதற்கு லாக் புத்தகத்தைத் தவிர வேறு அடையாளம் இல்லை.

இரவுப் பொறியாளர் இப்படி எழுதினார்: "அலாரம் 22:55க்கு ரீசெட் ஆனது, லோடு குறைத்ததால் மட்டுமே. இரண்டாவது குரூப் விசிறிகள் இன்னும் ஓடவில்லை. அவை ஓடும் வரை மாற்றிய ஃபீடர்களைத் திரும்ப எடுக்க வேண்டாம். விசிறி ஃபெயில் அலாரம் ஏன் வரவில்லை என்று எலக்ட்ரீஷியனிடம் தனியாகப் பார்க்கச் சொல்லவும்."

காலை ஏழரைக்கு எலக்ட்ரீஷியன் முறைப்படி சப்ளையைத் துண்டித்துவிட்டு விசிறிகளைப் பிரித்துப் பார்த்தார். ஒரு மோட்டாரின் பேரிங் இறுகிப்போய், வைண்டிங் கருகியிருந்தது. அந்த ஒன்றைக் கழற்றிவிட்டு மற்ற மூன்றையும் ஓட்டினார். அலாரம் வராததற்குக் காரணம், கன்ட்ரோல் பெட்டிக்குள் டெர்மினலில் தளர்ந்துபோயிருந்த ஒரு வயர். அதை இறுக்கி, பிரேக்கரை வேண்டுமென்றே ஒரு முறை விழவைத்துப் பேனலில் மணி அடிக்கிறதா என்று சோதித்தார்கள். அடித்தது. 9:40க்கு ஃபீடர்கள் திரும்பின. புதிய மோட்டார் வரும்வரை டி.ஆர்-2இல் ஒரு விசிறி குறைவு என்ற வரி, அடுத்து வந்த ஒவ்வொரு ஷிப்ட் குறிப்பிலும் எழுதப்பட வேண்டும்.